பூட்டுக்குப் பேர்போன ஊரில் பூட்டாத கேமரா!



திண்டுக்கல் என்றவுடன் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பூட்டு. அப்புறம்தான் பிரியாணி. 2019-இல் நம்ம ஊர்ப் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, பேகம்பூரில் வளர்ந்து, ஒரு சின்னப் பூட்டைப் போட மறந்ததால் ப்ராஜெக்ட் ரிவ்யூவில் நானும் என் கூட்டாளிகள் மூன்று பேரும் திருதிருவென்று முழித்த கதையைத்தான் இங்கே எழுதப்போகிறேன். கதை பாதி, என் அபிப்பிராயம் பாதி. இரண்டையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ப்ராஜெக்ட் மூணு சக்கர லோடு சைக்கிள். மிதிக்கவும் செய்யலாம், மேடு வந்தால் பேட்டரி மோட்டாரும் கைகொடுக்கும். பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்புகளில் சரக்கு தள்ளுகிறவர்கள் படும் பாட்டைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். அதனால் வந்த யோசனை அது. வண்டியைக் கல்லூரி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போக முடியாது. டெம்போ பிடித்தால் வாடகை யார் தருவது? "ஓடுறதை வீடியோ எடுத்துட்டு வாங்கப்பா, ரிவ்யூவுல போட்டுக் காட்டுங்க" என்றார்கள். சந்தோஷமாக எடுத்தோம். முன்னால் ஒரு லோடு ஆட்டோ மெதுவாகப் போக, அதன் பின்பலகையில் நான் போனோடு உட்கார்ந்திருக்க, மூன்று நான்கு மீட்டர் பின்னால் எங்கள் வண்டி வந்தது. ஆட்டோ நிறுத்தத்திலிருந்து பள்ளிவாசல் பக்கம் வரைக்கும் ஒரே ஷாட். போன் திரையில் பார்த்தபோது எல்லாம் பிரமாதமாக இருந்தது.

செமினார் ஹாலில் புரொஜக்டரில் போட்டபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. எட்டடி திரையில் எங்கள் வண்டி மூச்சு விட்டது! ஆமாம், நெஞ்சு ஏறி இறங்குகிற மாதிரி வண்டி முழுசும் பெரிசாகிறது, சிறிசாகிறது. நடுநடுவே படம் பளிச்சென்று வெளுக்கிறது, உடனே இருட்டுகிறது. ரிவ்யூவுக்கு வந்திருந்த சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, முன் சக்கரம் ஏன் இப்படி ஆடுது? ஃபோர்க்குல ப்ளே இருக்கா?"

"இல்ல சார், டைட்டாத்தான் இருக்கு."

"நான் கண்ணால பாக்குறேன், இல்லங்குற!"

என்ன பதில் சொல்வது? அவர் பார்த்தது உண்மை. நாங்கள் சொன்னதும் உண்மை என்றுதான் அன்றைக்கு நினைத்திருந்தோம். இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துக் காட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. "மாப்ளே, உன் போன் ஓட்டை போன்டா. புதுசா ஒண்ணு இரவல் வாங்கி எடுப்போம்" என்றான் ஒருவன். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. புதுப் போன் இந்தத் தள்ளாட்டத்தைக் கொஞ்சம் நாசூக்காகச் செய்யும், அவ்வளவுதான். செய்யாமல் இருக்காது. காரணம் போனின் வயது இல்லை. வண்டி ஓடுகிறபோது போகஸையும் வெளிச்ச அளவையும் போனே அதன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டிருக்க நாங்கள் விட்டதுதான் காரணம். வெர்னியர் காலிப்பரில் ரீடிங் எடுக்கும் முன் லாக்கிங் ஸ்க்ரூவை முடுக்கு என்று முதல் வருஷ லேபில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! முடுக்காத வெர்னியரை வைத்து ஷாஃப்டின் விட்டத்தைச் சொன்னால் எந்த சாரும் ஒப்புக்கொள்ள மாட்டார். நாங்கள் கொண்டுபோய்க் காட்டியது முடுக்காத வெர்னியர்தான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். போன் கேமராவின் லென்ஸ் ஒரு சுருள் கம்பிக்கும் காந்தத்துக்கும் நடுவே தொங்குகிறது. ஒலிபெருக்கிக்குள் காயில் அசைகிற அதே தத்துவம். கரண்ட் கூடினால் லென்ஸ் முன்னே நகரும், குறைந்தால் பின்னே போகும். படத்தில் விளிம்புகள் எப்போது அதிகக் கூர்மையாகத் தெரிகின்றன என்று போன் பார்க்கிறது. உச்சம் எங்கே என்று தெரிய, உச்சத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தால்தான் தெரியும். கிணற்றுக்குள் விழுந்த வாளியைப் பாதாளக் கொலுசு போட்டுத் துழாவுகிற மாதிரி முன்னே பின்னே துழாவும். இப்போது வரும் போன்களில் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதை முன்கூட்டியே கணிக்கும் வசதி உண்டு. அதனால் துழாவல் குறைவு. ஆனால் வெளிச்சம் மங்கினாலோ, எதிரே இருப்பது வெறும் தார்ப்பாய் மாதிரி ஒரே நிறப் பரப்பாக இருந்தாலோ, குறுக்கே ஒரு ஆள் போனாலோ மறுபடி துழாவத்தான் செய்யும். எங்கள் வண்டியில் மணல் மூட்டை ஏற்றி மேலே தார்ப்பாய் போட்டிருந்தோம். பேகம்பூர் ரோட்டில் குறுக்கே போகிற ஆட்களுக்குக் கேட்கவா வேண்டும்!

சரி, துழாவினால் படம் மங்கித் தெளியத்தானே வேண்டும், ஏன் பெரிசாகிச் சிறிசாகிறது? லென்ஸ் முன்னே பின்னே நகரும்போது பிம்பத்தின் அளவும் துளி மாறுகிறது. படப்பிடிப்புக்காரர்கள் இதற்கு 'ப்ரீதிங்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி தெரிந்தது தப்பில்லை. அளவு மாற்றம் வெறும் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1920 புள்ளி அகலமுள்ள படத்தில் அது 38 புள்ளி. இடது ஓரம் 19 புள்ளி, வலது ஓரம் 19 புள்ளி உள்ளே வந்து வெளியே போகும். ஆறு அங்குலத் திரையில் தெரியாத இது எட்டடித் திரையில் பூதாகரமாகத் தெரியும்.

வெளிச்சத் துடிப்பு வேறு சங்கதி. பெரும்பாலான போன் கேமராக்களில் துவாரத்தின் அளவு மாறாது. மாறுவது ஷட்டர் நேரமும் ISO-வும் மட்டுமே. போன், படத்தின் மொத்த வெளிச்சத்தைச் சராசரி பார்த்து நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கறுப்புத் தார்ப்பாய் படத்தை நிறைத்தால், 'அடடா, இருட்டாக இருக்கிறதே' என்று வெளிச்சத்தைக் கூட்டும். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் குறுக்கே போனால் 'ரொம்ப வெளிச்சம்' என்று குறைக்கும். அதன் கணக்கில் அது சரியாகத்தான் செய்கிறது. வண்டியைக் காட்டுவதுதான் நம் நோக்கம் என்பது அதற்குத் தெரியாது, பாவம்!

ஆகவே கெட்டுப்போன வீடியோ கையில் இருந்தால் முதலில் வியாதி எது என்று பார்க்கணும். நான் கண்டுபிடித்த வழி இது. படத்தில் நம் வண்டியைப் பார்க்காதீர்கள். ஓரமாகத் தெரியும் ஒரு கரண்ட் கம்பத்தையோ கடை போர்டையோ பாருங்கள். மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால், அந்தக் கம்பம் உட்பட எல்லாப் பொருளும் படத்தின் மையத்தை நோக்கி ஒன்றாகச் சுருங்கி ஒன்றாக விரிந்தால் அது போகஸ் துழாவல். அளவு மாறாமல் வெளிச்சம் மட்டும் ஏறி இறங்கினால் எக்ஸ்போஷர். வெளிச்சமும் மாறாமல் மஞ்சளாகி நீலமானால் வொயிட் பேலன்ஸ். எல்லாம் ஒரே பக்கமாக வழுக்கினால் அது நம்ம கை, அல்லது நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி செய்கிற வேலை. சக்கரம் மட்டும் வண்டி பாடியை விட்டுத் தனியாக ஆடினால்தான் நிஜமான ஆட்டம்! எங்கள் வீடியோவை வீட்டில் போட்டுப் பார்த்தேன். பள்ளிவாசல் பக்கத்துக் கம்பமும் சேர்ந்து மூச்சு விட்டது. கம்பத்துக்கும் ஃபோர்க்கில் ப்ளே இருக்கிறதா என்று சாரிடம் கேட்கலாம் போலிருந்தது.

இனிப் பூட்டுக்கு வருவோம். பூட்டு எல்லாப் போனிலும் ஏதோ ஒரு ரூபத்தில் இருக்கிறது. ஐபோனில் கேமராவைத் திறந்து வீடியோவுக்கு மாற்றிக்கொண்டு, திரையில் வேண்டிய இடத்தில் விரலை வைத்து எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் மேலே AE/AF LOCK என்று மஞ்சளில் வரும். பக்கத்தில் உள்ள சூரியக் குறியை மேலே கீழே இழுத்தால் வெளிச்சம் கூடும், குறையும். ஆண்ட்ராய்டில் பல போன்களில் இதே மாதிரி அழுத்திப் பிடித்தால் ஒரு குட்டிப் பூட்டுப் படம் தோன்றும். சிலவற்றில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அந்தப் பூட்டைத் தனியாகத் தொடணும். சாம்சங்கின் பல மாடல்களில் Pro Video என்று ஒரு பகுதி உண்டு. அங்கே போகஸை MF என்று கைக்கு மாற்றிவிட்டு ISO, ஷட்டர் இரண்டையும் நாமே வைக்கலாம். போனிலேயே இருக்கும் கேமராவில் ஒன்றுமே இல்லையென்றால் Open Camera என்ற இலவச ஆப் இருக்கிறது. அதில் போகஸையும் வெளிச்சத்தையும் தனித்தனியே பூட்டலாம்.

பூட்டியாச்சா இல்லையா என்று எப்படித் தெரியும்? பூட்டுப் படம் வந்துவிட்டது என்று நம்பி நான் ஒரு தடவை ஏமாந்தேன். அந்தப் போனில் போகஸ் மட்டும்தான் பூட்டியிருந்தது, வெளிச்சம் திறந்தே கிடந்தது. இப்போதெல்லாம் உள்ளங்கையை லென்ஸுக்கு ஒரு முழம் முன்னால் நீட்டி, படத்தில் பாதி மறைகிற மாதிரி மெதுவாக ஆட்டிப் பார்க்கிறேன். பின்னால் இருக்கிற சுவர் வெளுக்காமல் கறுக்காமல், கலங்காமல் அப்படியே நின்றால் இரண்டும் பூட்டியிருக்கிறது. சுவர் நிறம் மாறினால் வெளிச்சம் பூட்டவில்லை. கை தெளிவாகிச் சுவர் மங்கினால் போகஸ் பூட்டவில்லை. திண்டுக்கல்காரன் பூட்டைப் பூட்டிவிட்டு ஒரு இழு இழுத்துப் பார்ப்பானே, அதே பழக்கம்தான்!

இன்னொன்று. போட்டோ பகுதியில் பூட்டிவிட்டு வீடியோவுக்கு மாறினால் பூட்டு கழன்றுவிடும். திரையில் தெரியாத்தனமாக வேறு இடத்தில் விரல் பட்டாலும் போச்சு. லென்ஸ் மாற்றினாலும் போச்சு. நடுவில் யாராவது போன் போட்டால் கேட்கவே வேண்டாம். ஆகவே முதலில் ஏரோப்ளேன் மோடு, அப்புறம் வீடியோ பகுதி, அப்புறம் பூட்டு, அப்புறம் கைச் சோதனை, கடைசியில் சிவப்பு பட்டன். இந்த வரிசை மாறக்கூடாது.

இப்போது உங்களில் சிலர் கேட்பீர்கள்: "ஏம்ப்பா, ஓடுகிற பொருளைப் படம் எடுக்கிறோம். போகஸைப் பூட்டினால் வண்டி கிட்டே வரும்போது மங்கிப் போகாதா?" நியாயமான கேள்வி. என் கூட்டாளியும் இதைத்தான் கேட்டான். பெரிய கேமராவாக இருந்தால் மங்கத்தான் செய்யும். போனில் விஷயம் வேறு. போன் லென்ஸின் நிஜமான குவியத் தூரம் நாலைந்து மில்லிமீட்டர்தான். இவ்வளவு குட்டி லென்ஸில் தெளிவாக விழும் தூரத்தின் பரப்பு ரொம்பப் பெரியது. எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டே பார்க்கலாம்.

H = f² / (N × c)

f என்பது குவியத் தூரம், N என்பது துவார எண், c என்பது எவ்வளவு கலங்கலை நம் கண் மன்னிக்கும் என்கிற அளவு. என் போன் கொஞ்சம் பழசு. f = 4.25 மி.மீ., N = 1.8, சென்சார் அளவுக்கு c = 0.0047 மி.மீ. என்று எடுத்துக்கொண்டேன். 4.25-இன் வர்க்கம் ஏறக்குறைய 18. கீழே பெருக்கினால் 0.00846. வகுத்தால் சுமார் 2,130 மி.மீ., அதாவது இரண்டு மீட்டரும் கொஞ்சமும். இதற்கு என்ன அர்த்தம்? சுமார் 2.1 மீட்டரில் போகஸை வைத்துப் பூட்டிவிட்டால், அதில் பாதி தூரமான ஒரு மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய மலைக்கோட்டை வரைக்கும் எல்லாம் தெளிவு! பெரிய சென்சார் உள்ள புதுப் போன்களில் f ஏழு மி.மீ. வரை போகிறது. அங்கே H மூன்று மீட்டரைத் தாண்டும், தெளிவு ஒன்றரை மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும். புதுப் போன் இரவல் வாங்கச் சொன்னவனுக்கு இதைக் காட்டினேன். இந்த ஒரு காரியத்தில் பழைய போன்தான் வாகு என்று ஒப்புக்கொண்டான். கூடவே ஒரு ஆறுதல், துவாரம் மாறாததால் சாயங்காலம் வெளிச்சம் குறைந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஆனால் ஜூம் லென்ஸுக்குப் போனால் கதை கந்தல். மேலே f-க்கு வர்க்கம் இருக்கிறது, கவனித்தீர்களா? மற்றதெல்லாம் அப்படியே இருந்து f மட்டும் இரண்டு மடங்கானால் H நாலு மடங்காகும். அப்போது ஓடுகிற வண்டியைப் பூட்டிய போகஸில் பிடிப்பது ரொம்பக் கஷ்டம். சாதாரண 1x லென்ஸிலேயே வைத்துக்கொண்டு நாம்தான் பக்கத்தில் போகணும்.

இரண்டாவது படப்பிடிப்பில் செய்தது இதுதான். ஓடுகிற வண்டியின் மேல் போகஸைப் பூட்ட முயலவில்லை. லோடு ஆட்டோவை நிறுத்தி, பின்பலகையிலிருந்து இரண்டரை மீட்டரை டேப் வைத்து அளந்து, அங்கே கூட்டாளி ஒருவனைக் கட்டம்போட்ட லுங்கியோடு நிற்கவைத்தோம். கட்டம் இருந்தால் விளிம்பு நிறைய, போகஸ் சட்டென்று உட்காரும். அவன் லுங்கியில் விரலை வைத்து அழுத்தினேன், பூட்டு விழுந்தது. வேலை முடிந்தது, அவனை அனுப்பிவிட்டோம். அவன் நின்ற இடத்துக்குச் சற்றுப் பின்னால் வண்டி வரும்படி, மூன்று நான்கு மீட்டர் இடைவெளியைக் காப்பாற்றும் பொறுப்பு வண்டி ஓட்டுகிறவனுடையது.

வெளிச்சம்தான் நிஜமான தலைவலி. அதற்குக் குறுக்கு வழி கிடையாது. பேகம்பூர் ரோட்டில் மத்தியானம் ஒரு பக்கம் சுள்ளென்று வெயில், மறுபக்கம் கட்டிட நிழல். நல்ல வெயிலுக்கும் திறந்தவெளி நிழலுக்கும் சுமார் மூன்று ஸ்டாப் வித்தியாசம். ஒவ்வொரு ஸ்டாப்பும் இரட்டிப்பு என்பதால் எட்டு மடங்கு! வெயிலுக்குப் பூட்டினால் நிழலில் வண்டி கரியாகத் தெரியும். நிழலுக்குப் பூட்டினால் வெயிலில் எல்லாம் வெள்ளைக் காகிதம். இரண்டில் எது மேல் என்றால், கரி மேல். இருண்ட இடத்தைப் பிற்பாடு எடிட்டிங்கில் கொஞ்சம் தூக்கிவிடலாம். வெளுத்துப் போன இடத்தில் தூக்குவதற்கு ஒன்றுமே பதிவாகியிருக்காது.

முதலில் ஒரே ஷாட்டில் நிழல், வெயில் இரண்டையும் கடக்கணும் என்று அடம்பிடித்தவன் நான்தான். சினிமா பார்த்துக் கெட்ட புத்தி! இப்போது என் அபிப்பிராயம், ப்ராஜெக்ட் வீடியோவுக்கு அது தேவையே இல்லை. நிழலில் ஒரு ஷாட், நிழலுக்குப் பூட்டி. வெயிலில் ஒரு ஷாட், வெயிலுக்குப் பூட்டி. இரண்டையும் ஒட்டிவிட்டால் யாருக்கும் உறுத்தாது. நடுவில் துடிப்பதுதான் உறுத்தும்.

பூட்டும்போது விரலை எங்கே வைப்பது என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. வெள்ளைச் சட்டையில் வைத்தால் போன் அதைச் சாம்பல் ஆக்கப் பார்த்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிப் பூட்டிவிடும். கறுப்புத் தார்ப்பாயில் வைத்தால் மொத்தமும் வெளுத்துப் பூட்டும். நடுத்தர நிறம் வேண்டும். வெயில் படுகிற பழைய தார் ரோடு ரொம்பத் தோது. புதுசாகப் போட்ட ரோடு உதவாது, அது அட்டைக் கறுப்பு. பல போன்களில் போகஸும் வெளிச்சமும் ஒரே விரலுக்கு ஒன்றாகத்தான் பூட்டும். அப்போது லுங்கிக்காரனை வெயிலில் நிற்கவைத்து அவன் மேல் பூட்டிவிட்டு, சூரியக் குறியைத் துளி கீழே இழுத்துச் சரிசெய்தால் போதும். Pro பகுதி இருக்கிறவர்கள் வொயிட் பேலன்ஸையும் 5500K பக்கம் நிறுத்திவிடுங்கள். பச்சை பெயின்ட் அடித்த கதவைக் கடந்து போகும்போது வண்டி நிறம் மாறாமல் இருக்கும்.

இங்கே எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. கல்யாண வீடியோ எடுக்கப் போகிற சீனியர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். சிரித்தார். "தம்பி, மாப்பிள்ளை ஊர்வலம் வருது. சீரியல் லைட்டுக்குக் கீழ வர்றாரு, அடுத்த நிமிஷம் இருட்டு, அடுத்த நிமிஷம் வாசல் லைட்டு மூஞ்சியில அடிக்குது. நீ பூட்டிட்டு உக்காந்திருந்தா பாதி ஊர்வலம் போயிருக்கும். மறுபடி ஊர்வலம் வரச் சொல்லுவியா?" என்றார். வாயடைத்துப் போனேன். அவர் சொல்வது சரி. தானியங்கி விட்டால் படம் துடிக்கும், ஆனால் ஏதாவது ஒரு படம் இருக்கும். தப்பாகப் பூட்டினால் மொத்தமும் குப்பை. திரும்ப நடக்காத காரியத்துக்கு முழுப் பூட்டு ஆகாது. அவர் செய்வது பாதிப் பூட்டு. போகஸை மட்டும் மூன்று மீட்டரில் நிறுத்திவிட்டு, வெளிச்சத்தை விரலால் மெதுவாக ஏற்றி இறக்குகிறார். யாராவது முகத்துக்கு அருகே, ஒரு மீட்டருக்குள் வந்தால் மட்டும் போகஸைத் திறந்துவிடுகிறார். ராத்திரி மண்டப விளக்குகளில் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைக்கச் சொன்னார். நம் கரண்ட் 50 சைக்கிள். விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டர் அதோடு ஒத்துப்போனால் படத்தில் கறுப்புப் பட்டை ஓடாது.

ஆனால் நம் வேலை ஊர்வலம் இல்லையே! வண்டி மறுபடி ஓடும், பம்ப் மறுபடி சுற்றும், லைன் ஃபாலோயர் ரோபோ மறுபடி கோட்டைப் பிடிக்கும். ஐந்து தடவை எடுக்கலாம். வாய்ப்பு இருந்தும் பூட்டாமல் எடுப்பது சோம்பேறித்தனம் என்பது என் கட்சி. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது இரண்டாவது வீடியோவில்தான் எங்களுக்குப் புரிந்தது.

பூட்டிப் போட்டு எடுத்த வீடியோவை வீட்டு டிவியில் போட்டோம். கம்பம் அசையவில்லை. கடை போர்டு அசையவில்லை. வெளிச்சம் கல் மாதிரி நின்றது. முன் சக்கரம் மட்டும்... ஆடியது! லேசாகத்தான். ஆனால் ஆடியது. சார் சொன்னதே நிஜமாகிவிட்டதா என்று நாலு பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தோம்.

உட்கார்ந்து ஃபிரேம் எண்ணினோம். சக்கரம் 26 அங்குலம், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.07 மீட்டர் ஓடும். வண்டி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம், அதாவது நொடிக்கு 2.78 மீட்டர். அப்படியானால் சக்கரம் நொடிக்கு 1.34 தடவை சுற்றும். வீடியோ நொடிக்கு 30 ஃபிரேம். ஒரு சுற்றுக்கு சுமார் 22 ஃபிரேம் வரணும். நாங்கள் எண்ணியதில் சக்கரம் இடப்பக்கம் ஒதுங்குவது 22, 23 ஃபிரேமுக்கு ஒருமுறை, தவறாமல் வந்தது. சுற்றுக்கு ஒரு தடவை என்றால் குற்றம் ஃபோர்க்கில் இல்லை. ஃபோர்க் தளர்ந்திருந்தால் பள்ளத்துக்குப் பள்ளம்தான் ஆடும். இது ரிம்மில் கோட்டம்! பழைய வீடியோவையும் எடுத்து எண்ணிப் பார்த்தோம். அதில் மூச்சு 14 ஃபிரேமில் ஒன்று, 40 ஃபிரேமில் ஒன்று, இஷ்டத்துக்கு வந்துகொண்டிருந்தது. சக்கரத்தோடு சம்பந்தமே இல்லை. அந்த அமளிக்குள் நிஜமான கோட்டம் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது. எங்களுக்கும் தெரியவில்லை, சாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

சைக்கிள் கடை மாமு சக்கரத்தைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றிவிட்டார். சாக்பீஸைப் பக்கத்தில் பிடித்தார். ரிம்மில் ஒரே இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. "மூணு நிப்பிள் லூசு. லோடு ஏத்துனதுல கோட்டம் விழுந்திருக்கு. இதுக்குப் போயி நாலு பேரு ராத்திரி பூரா டிவியைப் பாத்தீங்களாக்கும்!" என்று ஸ்போக் சாவியை எடுத்தார். பத்து நிமிஷ வேலை.

மறு ரிவ்யூவில் மூன்று வீடியோவையும் போட்டோம். பூட்டாதது, பூட்டியது, கோட்டம் எடுத்தபின் பூட்டி எடுத்தது. சார் இரண்டாவதை மூன்று தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்த்து, "அன்னைக்கு நான் சொன்னது தப்பா, சரியா?" என்று கேட்டார். முதல் வீடியோவில் பார்த்தது கேமரா ஆட்டம் சார், வண்டியில் இருந்தது வேறு ஆட்டம் சார் என்று ஃபிரேம் கணக்கு எழுதிய தாளை நீட்டினோம். வாங்கி மடித்து, ரெக்கார்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த லுங்கி இன்னும் வண்டியின் சீட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது. வீடியோ எடுக்கப் போகிற ஜூனியர்கள் வந்து கேட்டால் இரவல் தரத் தயார்.

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்